நீ லட்டை மொய்க்கும் ஈயைப் பார்: வெள்ளணுக்களை எண்ணிக்கை வரிசையில் நினைவில் வைக்க ஒரு பாட்டு

ஐந்து வகை வெள்ளணுக்களின் பெயரைச் சொல்லு என்றால் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்த இரண்டாவது வாரமே எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் எது அதிகம், எது குறைவு என்ற வரிசையில் சொல்லு என்று வைவாவில் கேட்டால், முதல் இரண்டும் சரளமாக வரும், கடைசியும் வரும், நடுவில் இருக்கிற இரண்டில் போய் நின்றுவிடுவார்கள். மோனோசைட்டா, ஈசினோஃபிலா? பத்து வருடத்துக்கு மேலாக முதல் வருடப் பிள்ளைகளுக்கு ரத்தவியல் பிராக்டிகல் எடுக்கிறேன், நான் பார்த்த தடுமாற்றத்தில் முக்கால்வாசி இந்த ஓர் இடத்தில்தான்.

அதற்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் ரொம்ப நாளாக வகுப்புகளில் புழங்குகிறது: நெவர் லெட் மங்கீஸ் ஈட் பனானாஸ். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஓர் அணுவுக்கு. நல்ல வாக்கியம்தான், ஆங்கிலம் பழகிய பிள்ளைகளுக்கு அது போதும். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த வாக்கியத்தையே தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது, அப்புறம் பரீட்சை நேரத்தில் அதுவே மறந்துபோகிறது. அதோடு அதில் எண் எதுவும் கிடையாது. அதனால் என் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது இது:

நீ லட்டை மொய்க்கும் ஈயைப் பார்,
நூறு செல்லை எண்ணிப் பார்,
அறுபது, முப்பது, ஆறு, மூணு,
அப்புறம் ஒண்ணு, தேடிக் காணு!

முதல் அடியில் ஐந்து சொல், ஐந்து அணு. நீ என்றால் நியூட்ரோஃபில். லட்டு என்றால் லிம்போசைட். மொய்க்கும் என்றால் மோனோசைட். ஈ என்றால் ஈசினோஃபில். பார் என்றால் பேசோஃபில். மூன்றாம் நான்காம் அடிகளில் இருக்கும் எண்கள் அதே வரிசையில் அந்த அணுக்களின் சதவீதம்: நியூட்ரோஃபில் 60, லிம்போசைட் 30, மோனோசைட் 6, ஈசினோஃபில் 3, பேசோஃபில் 1. கூட்டினால் சரியாக 100 வரும், அதனால் ஓர் எண் மறந்தாலும் மற்ற நான்கையும் கழித்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் ரத்தத்துக்கு இது ஏறத்தாழ நடு அளவு. நிஜத்தில் நியூட்ரோஃபில் 40-லிருந்து 75 வரைக்கும், லிம்போசைட் 20-லிருந்து 45 வரைக்கும் போகலாம், மோனோசைட் 2-லிருந்து 10, ஈசினோஃபில் 1-லிருந்து 6, பேசோஃபில் 1-ஐத் தாண்டுவது அபூர்வம். லேபுக்கு லேப் இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும், உங்கள் லேபின் ரிப்போர்ட்டில் அச்சாகியிருப்பதையே பின்பற்றுங்கள். பாட்டில் இருக்கும் எண்களை ஓர் அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இதைச் செய்யுங்கள்

பாட்டைப் பார்த்துப் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், வலது கையை விரித்து வைத்துக்கொண்டு. கட்டைவிரல் நீ, ஆள்காட்டி விரல் லட்டு, நடுவிரல் மொய்க்கும், மோதிர விரல் ஈ, சுண்டுவிரல் பார். ஒரு சுற்று சொல்லுங்கள், அடுத்த சுற்றில் அதே விரல்களில் அறுபது, முப்பது, ஆறு, மூணு, ஒண்ணு. மூன்றாவது சுற்றில் அணுவின் முழுப் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு நாள் இப்படிச் சொன்னால், யாராவது உங்கள் மோதிர விரலைத் தொட்டு இது என்ன என்று கேட்டாலே ஈசினோஃபில், மூணு என்று வந்துவிடும். முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும் என்ற நிலையில் நிறுத்திவிடாதீர்கள். வைவாவில் யாரும் வரிசையாகக் கேட்க மாட்டார்கள், நான்காவது எது என்றுதான் கேட்பார்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, அதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். நாம் பேசும்போது லட்டை ஈ மொய்க்குது என்றுதான் வாயில் வரும். ஈ முன்னால், மொய்ப்பது பின்னால். அப்படிச் சொன்னால் வரிசை தலைகீழாகிவிடும், ஈசினோஃபில் மூன்றாவது இடத்துக்கு வந்துவிடும். அதனால் இதை இப்படிப் பூட்டி வையுங்கள்: மொய்ப்பது என்றாலே கூட்டம், ஈ என்பது ஒற்றை. கூட்டம் பெரியது, ஒற்றை சிறியது. பெரிய எண்ணிக்கை முன்னால் வரும். மொய்க்கும் ஆறு, ஈ மூணு. இதை ஒரு தடவை புரிந்து சொல்லிவிட்டால் அப்புறம் புரளாது.

புத்தகத்திலும் ரிப்போர்ட்டிலும் வேறு வரிசை

பாட்டு நன்றாக வந்தபிறகும் குழப்பம் வருவதற்குக் காரணம் பாட்டு இல்லை. ஒரே ஐந்து பெயர்கள் மூன்று வெவ்வேறு வரிசைகளில் உங்கள் கண்ணில் படுகின்றன, யாரும் அதைப் பிரித்துச் சொல்வதில்லை.

பாடப் புத்தகத்தில் முதலில் துகள் உள்ள அணுக்கள் வரும்: நியூட்ரோஃபில், ஈசினோஃபில், பேசோஃபில். அப்புறம் துகள் இல்லாதவை: லிம்போசைட், மோனோசைட். அது வகைப்பாட்டு வரிசை, எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பள்ளியிலிருந்தே அந்த வரிசை வாயில் ஊறிவிட்டதால், எண்ணிக்கை வரிசை கேட்டாலும் நியூட்ரோஃபில், ஈசினோஃபில் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மிகக் குறைவாக இருக்கும் பேசோஃபிலை மூன்றாவதாகச் சொன்னால் எந்தத் தேர்வாளருக்கும் உடனே தெரிந்துவிடும், இந்தப் பிள்ளை ஸ்லைடு பார்க்கவில்லை என்று.

மூன்றாவது வரிசை ரிப்போர்ட் வரிசை. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டுகள் பலவற்றில் டிஃபரன்ஷியல் கவுண்ட் என்ற தலைப்பின் கீழ் பாலிமார்ஃப், லிம்போசைட், ஈசினோஃபில், மோனோசைட், பேசோஃபில் என்று இருக்கும். பாலிமார்ஃப் என்பது நியூட்ரோஃபிலின் இன்னொரு பெயர்தான், உட்கரு பல வடிவமாக இருப்பதால் வந்த பெயர். இந்த வரிசையில் ஈசினோஃபில் மோனோசைட்டுக்கு முன்னால் நிற்கிறது. இங்கே கேட்கிற டாக்டருக்கு அலர்ஜி, புழு, ஆஸ்துமா இவற்றுக்காக ஈசினோஃபில் எண்தான் அடிக்கடி தேவைப்படுகிறது, அதனால் அது மேலே வந்திருப்பதில் வசதி இருக்கிறது. ஆனால் வருடக்கணக்காக ரிப்போர்ட் எழுதியவர்கள்கூட, பழக்கத்தில், ஈசினோஃபில்தான் மூன்றாவது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். சுருக்கமாகப் பி என்று எழுதினால் அது பாலிமார்ஃபா, பேசோஃபிலா? ஆங்கில எழுத்தில் இரண்டும் வேறு, நாம் உச்சரிக்கும்போது இரண்டும் ஒன்று. ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதும் லேபில் இது நிஜமாகவே தகராறு தரும். அதனால் முதல் அணுவை எப்போதும் நியூட்ரோ என்றே சொல்லிப் பழகுங்கள், பாட்டும் நீ என்றுதான் ஆரம்பிக்கிறது.

பாட்டைக் கண்ணோடு சேர்த்துக் கட்டுங்கள்

பெயர் வரிசை மட்டும் தெரிந்தால் எழுத்துத் தேர்வுக்கு ஆகும். ஸ்லைடில் உட்கார்ந்ததும் ஆகாது. நல்லவேளையாக இந்த முதல் அடியில் இருக்கும் சொற்களே அணுவின் முகத்தையும் ஓரளவு காட்டுகின்றன, அதனால்தான் மற்ற வாக்கியங்களைவிட இதை நான் விரும்புகிறேன்.

லட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதுதான் அச்சு அசல். சின்ன லிம்போசைட் பக்கத்தில் இருக்கும் சிவப்பணுவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதன் உட்கரு உருண்டையாக, கருநீலமாக, இறுகப் பிடித்த லட்டு மாதிரி செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு இருக்கும், ஓரத்தில் மட்டும் மெல்லிய நீல விளிம்பு தெரியும். ஸ்லைடில் உருண்டையாக, கருப்பாக, சின்னதாக ஒன்றைக் கண்டால் லட்டு.

மொய்க்கும் என்றால் கூட்டம், பெரிசு என்று சொன்னேன் இல்லையா. மோனோசைட்தான் ஐந்திலும் உருவத்தில் பெரியது. உட்கரு சிறுநீரகம் போலவோ குதிரை லாடம் போலவோ வளைந்திருக்கும், சுற்றியுள்ள சைட்டோபிளாசம் தெளிவில்லாத சாம்பல் கலந்த நீலம், சில நேரம் அதில் குமிழி குமிழியாக ஓட்டைகள் தெரியும்.

ஈ: ஈயின் முகத்தை நெருக்கமாகப் பார்த்திருப்பீர்கள், இரண்டு பெரிய சிவந்த கண்கள். ஈசினோஃபிலின் உட்கரு பெரும்பாலும் இரண்டு மடலாக, நடுவில் மெல்லிய இழையால் இணைந்து, மூக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைச் சுற்றி ஆரஞ்சுச் சிவப்பில் ஒரே அளவான உருண்டைத் துகள்கள் நெருக்கமாக நிரம்பியிருக்கும். இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை அந்தத் துகள்கள் ஆவலோடு பிடித்துக்கொள்வதால்தான் அந்தப் பெயர். பால் எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1870-களின் கடைசியில் அனிலின் சாயங்களால் ரத்தத்தைச் சாயமேற்றிப் பார்த்தபோது கண்டறிந்து பெயர் வைத்தது.

பார் என்பது கட்டளை. பேசோஃபிலைத் தேடித்தான் பார்க்க வேண்டும், பார்த்தாலும் உட்கரு சரியாகத் தெரியாது, கருநீல ஊதா நிறத்தில் முரட்டுத் துகள்கள் அதன் மேலேயே படர்ந்து மறைத்துவிடும். உட்கரு எங்கே என்று நீங்கள் தேட வேண்டியிருந்தால் அது பேசோஃபில்.

நீ என்பதற்கு மட்டும் உருவம் இல்லை, ஆனால் அது தேவையும் இல்லை. நூறில் அறுபது அதுதான், பத்து நிமிடத்தில் பழகிவிடும். இரண்டிலிருந்து ஐந்து வரை மடல்கள், மடலுக்கு நடுவே நூல் மாதிரி இணைப்பு, வெளிர் ரோஜா நிறத்தில் மிக நுண்ணிய துகள்கள்.

ஆரம்பத்தில் தவறுவது பெரிய லிம்போசைட்டுக்கும் மோனோசைட்டுக்கும் நடுவில். இரண்டும் பெரிசு, இரண்டிலும் மடல் கிடையாது. உட்கருவை விட்டுவிட்டுச் சைட்டோபிளாசத்தைப் பாருங்கள். வானம் மாதிரி தெளிந்த நீலமாக இருந்து, பக்கத்துச் சிவப்பணு இடிக்கும் இடத்தில் உள்வாங்கிக்கொண்டு இருந்தால் லிம்போசைட். மேகம் மூடின மாதிரி மங்கலாக இருந்தால் மோனோசைட்.

நூறு செல்லை எண்ணிப் பார்

இரண்டாம் அடி சும்மா ஓசைக்காக வைத்தது இல்லை. எண்ணிப் பார்த்தால்தான் இந்த வரிசை உங்களுடையதாகும்.

லீஷ்மன் சாயம் போட்ட ஒரு நல்ல ஸ்மியர் வேண்டும். காய்ந்த ஸ்மியர் மேல் சாயத்தை ஊற்றி 2 நிமிடம் விடுங்கள், சாயத்தில் இருக்கும் மெத்தனால் அந்த நேரத்தில் செல்களைக் கண்ணாடியில் நிலைநிறுத்தும். அப்புறம் சாயத்தைப் போல இரண்டு மடங்கு 6.8 பிஎச் பஃபர் நீரைச் சேர்த்து, கலந்து, 8-லிருந்து 10 நிமிடம் விட்டு, கழுவிச் சாய்த்துக் காய வையுங்கள். பஃபர் சரியில்லை என்றால் உடனே தெரியும். எல்லாமே நீலமாகத் தெரிந்தால் நீர் காரமாக இருக்கிறது, எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் அமிலமாக இருக்கிறது. இரண்டிலுமே ஈசினோஃபிலை நம்பி அடையாளம் சொல்ல முடியாது, ஸ்லைடைத் தூக்கிவைத்துவிட்டு வேறு போடுங்கள்.

எங்கே எண்ணுவது என்பதும் முக்கியம். தடிப்பான பகுதியிலும் வேண்டாம், வால் நுனியிலும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் சிவப்பணுக்கள் ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் பரவியிருக்கும் இடம் ஒன்று உண்டு, அங்கே எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸில் பாருங்கள். ஓரத்திலேயே ஓடினால் நியூட்ரோஃபிலும் மோனோசைட்டும் கூடுதலாக வரும், நடுவிலேயே ஓடினால் லிம்போசைட் கூடுதலாக வரும், ஸ்மியர் இழுக்கும்போது பெரிய செல்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுவதால். அதனால் கோட்டை மதில் மாதிரி மேலே போய், பக்கவாட்டில் நகர்ந்து, கீழே வந்து, மறுபடி நகர்ந்து எண்ணுங்கள்.

நோட்டில் பத்துக்குப் பத்து என்று நூறு கட்டம் போட்டு, ஒரு செல் பார்த்ததும் ஒரு கட்டத்தில் அதன் முதல் எழுத்தைப் பென்சிலில் எழுதுங்கள். கட்டம் நிரம்பினால் நூறு முடிந்தது. எழுத்துகளை எண்ணினால் அதுவே சதவீதம். இப்போது பாட்டை முணுமுணுத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், அறுபதுக்குப் பக்கத்தில் என்ன வந்தது, முப்பதுக்குப் பக்கத்தில் என்ன.

முதல் தடவையே பேசோஃபில் பூஜ்ஜியமாக வந்தால் பயப்பட வேண்டாம். பாட்டில் எளிமைக்காக ஒன்று என்று இருக்கிறது, பலருக்கு நிஜத்தில் அரை சதவீதம்தான். அரை சதவீதம் இருக்கிற ரத்தத்தில் நூறு செல் எண்ணினால், பத்து தடவையில் ஆறு தடவை ஒன்றுகூடக் கண்ணில் படாது, அது வெறும் நிகழ்தகவுக் கணக்கு. அதனால்தான் கடைசி அடியில் தேடிக் காணு. காணவில்லை என்றால் பூஜ்ஜியம் என்றே எழுதுங்கள்.

எண்ணிக்கை பாட்டோடு ஒத்துப்போகாவிட்டால்

இதுதான் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

சில வருடம் முன்னால் ஒரு பிராக்டிகல் வகுப்பில் ஒரு பையன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். நியூட்ரோ 55, லிம்போ 31, மோனோ 10, ஈசினோ 4, பேசோ 0. கூட்டினால் 100, வரிசையும் சரி. ஆனால் அந்த நூறு கட்டத்தில் ஆறு இடத்தில் ரப்பர் தேய்த்த அழுக்கு, அந்த ஆறிலும் புதிதாக அழுத்தி எழுதிய எம். கீழே இ என்ற எழுத்தின் தடம் தாள் வெளிச்சத்தில் லேசாகத் தெரிந்தது.

"இது என்னப்பா?" என்றேன்.

"மேடம், மோனோவைவிட ஈசினோ அதிகமா வந்துச்சு. பாட்டுப்படி மோனோதானே முதல்ல வரணும், நான்தான் தப்பா பார்த்திருப்பேன்னு மாத்திட்டேன்."

பையன் ஏமாற்ற நினைக்கவில்லை. தன் கண்ணைவிடப் பாட்டை நம்பினான், அந்தப் பாட்டைக் கொடுத்தது நான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு பேருமாகத் திரும்ப எண்ணினோம், இந்தத் தடவை இருநூறு செல். ஈசினோஃபில் 19, மோனோசைட் 9. அதாவது ஒன்பதரை சதவீதம், நாலரை சதவீதம். அவன் முதலில் பார்த்த 10-உம் 4-உம் சரியாகவே இருந்தது. அந்த ரத்தத்தில் மொத்த வெள்ளணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 9,800. அதில் ஒன்பதரை சதவீதம் என்றால் 931 ஈசினோஃபில், 500-க்கு மேல் போனாலே கூடுதல். அந்த நோயாளிக்குப் பின்னால் மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை இருந்தது தெரியவந்தது. நோட்டில் ரப்பர் தேய்த்தது வகுப்பு நோட்டாக இருந்ததால் தப்பித்தோம். அதுவே ரிப்போர்ட்டாக இருந்திருந்தால் டாக்டர் கையில் போயிருக்கும் எண் 4, பார்த்தவுடன் நார்மல் என்று ஒதுக்கியிருப்பார்.

அன்றிலிருந்து பாட்டோடு சேர்த்து இதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: பாட்டு ஆரோக்கியமான பெரியவருக்கு, கட்டம் உன் முன்னால் இருக்கும் ஸ்லைடுக்கு. இரண்டும் மாறினால் மாற்ற வேண்டியது கட்டத்தை இல்லை. ஸ்லைடின் இன்னொரு பகுதியில் இன்னும் நூறு எண்ணு, சாயம் சரியாக இருக்கிறதா பார், அப்புறமும் அப்படியே இருந்தால் அப்படியே எழுது.

ஏன் இன்னொரு நூறு? நூறு செல்லில் எண்ணும்போது சின்ன எண்கள் நிறையத் தடுமாறும். நூறில் 6 என்று நீங்கள் எண்ணினால் அந்த ரத்தத்தில் உண்மை அளவு 2-லிருந்து 13 வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம், 3 என்று எண்ணினால் கிட்டத்தட்ட 1-லிருந்து 9 வரை. அதனால் மோனோசைட்டும் ஈசினோஃபிலும் ஒன்றிரண்டு வித்தியாசத்தில் இடம் மாறி வந்தால் அது வெறும் தற்செயலாகவே இருக்கலாம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 10-உம் 4-உம் போல விலகி நின்றால் மறுபடி எண்ணுங்கள்.

குழந்தைகளுக்குப் பாட்டே வேறு

நீ, லட்டு இரண்டும் இடம் மாறுகிற சந்தர்ப்பமும் உண்டு, அது நோய் இல்லை. பிறந்த குழந்தைக்கு நியூட்ரோஃபில்தான் அதிகம். முதல் வாரம் முடிவதற்குள் லிம்போசைட் அதைத் தாண்டிப் போகும், நான்கைந்து வயது வரை அப்படியே இருந்துவிட்டு, அப்புறம் மறுபடி நியூட்ரோஃபில் மேலே வரும். இரண்டு வயதுக் குழந்தைக்கு லிம்போசைட் 60, நியூட்ரோஃபில் 30 என்று வந்தால், அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அதனால் எண்ண உட்காரும் முன் டியூபில் ஒட்டியிருக்கும் லேபிளில் வயதைப் பாருங்கள். பிறந்து ஒரு வாரம் தாண்டி, ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் பாட்டை லட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

பெரியவர்களில் லிம்போசைட் முந்தி வருவதைக் காய்ச்சல் சீசனில் நிறையப் பார்ப்பீர்கள். டெங்கு சந்தேகத்தில் வந்த ஒருவரின் மொத்த எண்ணிக்கை 2,800, நியூட்ரோஃபில் 40, லிம்போசைட் 50 என்று வைத்துக்கொள்வோம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் லிம்போசைட் கூடிவிட்டது என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள்: லிம்போசைட் 1,400, அது நார்மல் எல்லைக்குள்தான் இருக்கிறது. நியூட்ரோஃபில் 1,120, அதுதான் குறைந்திருக்கிறது. லட்டு ஏறவில்லை, நீ இறங்கியிருக்கிறது. பாட்டில் இருப்பதெல்லாம் சதவீதம் மட்டுமே, அதனால் மொத்த எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எது கூடியது எது குறைந்தது என்று சொல்லிவிடாதீர்கள்.

மெஷின் ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. சின்ன லேப்களில் இருக்கும் த்ரீ பார்ட் மெஷின் ஐந்தையும் பிரிக்காது. லிம்போசைட், மிட், கிரான் என்று மூன்றாகத் தரும். கிரான் பெரும்பாலும் நியூட்ரோஃபில். மிட் என்பதில் மோனோசைட்டோடு ஈசினோஃபிலும் பேசோஃபிலும் கலந்திருக்கலாம். மிட் 12 என்று வந்தால் மொய்க்கும், ஈ, பார் மூன்றில் எது கூடியது என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்மியர் போட்டு, எண்ணெய் விட்டு, நூறு கட்டம் வரைந்து உட்கார வேண்டியதுதான்.

அந்தப் பையன் இப்போது ஒரு லேபில் வேலை பார்க்கிறான். போன மாதம் பேசும்போது சொன்னான், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தானாம், ஆனால் முதல் ஒரு வாரத்துக்கு ரப்பரை மட்டும் கையில் கொடுக்கவில்லையாம். தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுது, கீழே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறான்.